சாயங்காலக் கரண்டி

விடியலுக்கு முன் கிளம்பும் முதல் பேருந்தில் ஏறுகிறவர்கள் பாதித் தூக்கத்தில் ஏறுவார்கள், உட்கார்ந்ததும் மீதித் தூக்கத்தைத் தொடர்வார்கள். மருத்துவமனைக்குப் போகும் நர்ஸ்கள், இரவுக் காவல் முடித்து வீடு திரும்புகிறவர்கள், அலுவலகங்களைப் பெருக்கித் துடைக்கும் பெண்கள். கண்ணாடியில் தலையைச் சாய்த்து வாயைப் பிளந்து தூங்குவார்கள். அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமானால் ஒருத்தி திறந்து வைத்திருக்க வேண்டும். அந்த ஒருத்தியின் கதை இது.

டிப்போவில் அவளுக்கு 'டம்பெல்' என்று பட்டப்பெயர். வைத்தவன் ஒரு மெக்கானிக். கழன்று விழுந்த ஒரு டயரை யாரையும் கூப்பிடாமல் நிமிர்த்தி அவள் சுவரில் சாய்த்ததைப் பார்த்துவிட்டு அப்படிக் கூப்பிட்டான், அது ஒட்டிக்கொண்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்பது வயது தாண்டிய பெண்ணுக்கு 'அம்மா', 'அக்கா' தவிர வேறு ஒரு பெயர் கிடைப்பதே அபூர்வம் என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தாள்.

எடை தூக்கப் போனது ஆசையினால் அல்ல, இடுப்பு வலியினால். ஸ்டியரிங் முன்னால் பல வருஷம் உட்கார்ந்ததில் முதுகெலும்பு முறுக்கிய கம்பியாகிவிட்டது. முதுகுத் தசையைப் பலப்படுத்தினால்தான் வலி போகும் என்று டாக்டர் சொன்னார். கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடைக்குக் கீழே, படியிறங்கிப் போகிற ஒரு ஜிம் இருந்தது. வலிக்காகப் போனவள், வலி போன பிறகும் போனாள். தரையில் கிடக்கும் கம்பியைக் குனிந்து பிடித்து, முழுசாக நிமிர்ந்து நிற்க வேண்டும், டெட்லிஃப்ட் என்பார்கள். அவ்வளவுதான் வேலை. அதில் பொய் சொல்ல வழியே இல்லை. ஒன்று நிமிர்ந்தாய், இல்லை நிமிரவில்லை. பகலெல்லாம் பயணிகள், டைம் கீப்பர், வீடு, சமையல் என்று யாருக்காகவோ ஓடுகிறவளுக்கு அந்தக் கம்பி ஒன்றுதான் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான போட்டி வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும். அதில் நூற்றுப் பதினைந்து கிலோவைத் தூக்கி நிமிர வேண்டும் என்பது அவள் ஆசை. முந்திய இரண்டு வருஷமும் நூற்றுப் பத்திலேயே நின்றுபோனாள்.

சிக்கல் நேரத்தில் இருந்தது. ஜிம் நடத்தும் மாஸ்டர் பகலில் ஒரு பெரிய கட்டடத்தில் எலக்ட்ரீஷியன் வேலை பார்ப்பவர், அவளைவிட வயதில் சின்னவர். வேலை முடித்து வந்து அவர் ஷட்டரைத் தூக்க மாலை ஆறாகிவிடும். அவளோ விடியற்காலை மூன்றரைக்கு எழுகிறவள். அவளுக்கு மாலை ஆறு மணி என்பது மற்றவர்களுக்கு இரவு பத்து மணி மாதிரி. உடம்பு படுக்கையைத் தேடுகிற நேரத்தில் கம்பியைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

ஒருநாள் படியிறங்கி வரும்போதே கொட்டாவி விட்டவளைப் பார்த்து மாஸ்டர் ஒரு டப்பாவைத் திறந்தார்.

"அக்கா, இதுல ஒரு கரண்டி தண்ணில கலக்கிக் குடிங்க. வார்ம்-அப் முடியறதுக்குள்ள உள்ள போயிரும். ஒரு கரண்டிதான், உங்க எடைக்கு அதுவே போதும்."

ஆரஞ்சு வாசனையடிக்கும் பொடி. குடித்த கொஞ்ச நேரத்தில் முகத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. முக்கால் மணி நேரத்தில் கொட்டாவி போன இடம் தெரியவில்லை. முந்திய வாரம் தரையோடு ஒட்டிக் கிடந்த கம்பி அன்றைக்கு எழுந்து வந்தது. வீட்டுக்கு வந்து ஒன்பதரைக்குப் படுத்தாள், படுத்ததும் தூங்கிவிட்டாள். சிலருக்குச் சாயங்காலம் ஒரு வாய் காபி குடித்தாலே விடிய விடியக் கொட்டக் கொட்ட விழிப்பு. தனக்கு அந்த வம்பே இல்லை என்று அவளுக்கு ஒரு பெருமை.

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது. தலையைச் சாய்ச்சா போதும், அடுத்தது அலாரம்தான்" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

அந்தப் பெருமைதான் அவள் காலை வாரிவிட்டது.

பழகப் பழகப் பாலும் புளிக்கும். பொடி புளிக்கவில்லை, ஆனால் உறைப்பது நின்றது. ஒரு கரண்டி குடித்தும் கொட்டாவி வந்தது. ஒன்றரையாக்கினாள். ஒன்றரையும் வேலை செய்யவில்லை, இரண்டாக்கினாள். மாஸ்டர் 'ஒண்ணு' என்று சொன்னதை அவள் மறக்கவில்லை. ஆனால் எறும்பு ஊர்கிற வரைக்கும் பொடி வேலை செய்வதாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள், இரண்டு கரண்டிக்கு எறும்பு நன்றாகவே ஊர்ந்தது. இதோடு டிப்போ டீ வேறு. டிப்போ டீயை யாரும் டீக்கணக்கில் சேர்ப்பதில்லை. வண்டி எடுக்கும் முன் ஒன்று, முதல் சுற்று முடிந்து ஒன்று, பிரேக் சரியில்லை என்று மெக்கானிக்கிடம் சண்டை போட ஒன்று, சண்டை முடிந்து சமாதானத்துக்கு ஒன்று. அங்கே அது மூச்சு விடுகிற மாதிரி.

பகலில் அசதி கூடிக்கொண்டே போனது. அசதிக்கு டீ, டீ போதாமல் சாயங்காலம் கரண்டி, கரண்டியால் மறுநாள் இன்னும் அசதி. செக்குமாடு சுற்றுவது தெரிந்தே சுற்றும், இவள் தெரியாமல் சுற்றினாள். வயசாகிறது, அதான் என்று நினைத்துக்கொண்டாள். பெண்களுக்கு எந்தக் கோளாறு வந்தாலும் கைக்கு எட்டுகிற முதல் காரணம் அதுதானே.

அவள் வண்டிக் கண்டக்டர் ஓய்வு பெறப் போகிற வயதுக்காரர். அவளுக்கு அண்ணன் முறை வைத்துத்தான் பேச்சு. இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவை. டிக்கெட் கொடுத்து முடித்ததும் கடைசி இருக்கைக்குப் போய், காலை நீட்டி, முட்டியைத் தேய்த்துக்கொண்டே கண்ணயர்ந்துவிடுவார். நிறுத்தம் வரும்போது எப்படித்தான் தெரியுமோ, கண்ணைத் திறக்காமலே விசில் ஊதுவார். "நீ ஓட்டுற வண்டில தூங்குறது என் வீட்டுக் கட்டில்ல தூங்குற மாதிரி" என்று அவளிடம் ஒருதரம் சொல்லியிருக்கிறார். அதைவிடப் பெரிய நற்சான்று அவளுக்கு எந்த அதிகாரியும் கொடுத்ததில்லை.

அது நடந்தது கிடங்குகளின் நீண்ட சுவர் ஓரமாகப் போகும் நேர்ச்சாலையில். இருட்டு, லேசான தூறல், வைப்பர் இடமும் வலமும் போய் வந்துகொண்டிருந்தது. அந்தச் சாலை முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் மருத்துவமனை நிறுத்தம். சாலைக்குள் திரும்பியது அவளுக்கு நினைவிருந்தது. அடுத்து நினைவிருப்பது இடப்பக்கச் சக்கரத்துக்கு அடியில் சரளைக்கல் கரகரவென்று அரைபட்ட சத்தம். முன்விளக்கு வெளிச்சத்தில் சுவர் பக்கத்தில் வந்துவிட்டிருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தாள், பிரேக்கை மிதித்தாள், வண்டி முனகிக்கொண்டு நின்றது. பின்னால் யாரோ முன் இருக்கையில் மண்டையை இடித்துக்கொண்டு, "என்னம்மா இது" என்றார். மருத்துவமனை நிறுத்தம் பின்னால் போய்விட்டிருந்தது. குடை பிடித்துக்கொண்டு இரண்டு நர்ஸ்கள் வண்டியை நோக்கி ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தது.

கண்டக்டர் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார். குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டு தரம் விசில் ஊதினேன்" என்றார் மெதுவாக.

"கேக்கலண்ணே."

"ம்."

அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை, புகார் எழுதவில்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. பயணிகளிடம், "நாய் குறுக்க வந்துச்சு" என்றார். ஆனால் அன்றிலிருந்து அவர் கடைசி இருக்கைக்குப் போகவில்லை. டிக்கெட் கொடுத்ததும் நேராக முன்னால் வந்து, அவள் இருக்கைக்குப் பக்கத்தில் கம்பியைக் கட்டிக்கொண்டு நிற்பார். மழையைப் பற்றி, மருமகன் வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பற்றி, தெரு நாய்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார். பேச்சில் சரக்கு தீர்ந்துபோனால் அதே மோட்டார் சைக்கிளைத் திரும்பவும் வாங்குவார். வளைவுகளில் முட்டி மடங்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வது அவளுக்குக் கேட்கும். அவர் எதற்கு நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"போய் உக்காருங்கண்ணே" என்பாள்.

"உக்காந்தா முட்டி பிடிச்சுக்குதும்மா. நிக்கிறதுதான் நல்லதாம்" என்பார்.

அவள் வீட்டுக்காரர் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர். அதிகம் பேசாத மனுஷர். மாத்திரையைக்கூடச் சத்தமில்லாமல் எண்ணுவார். அவள் வார விடுமுறை நாள் ஒன்றில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவள் பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்தார். சரளைக்கல் சத்தத்தை அவள் முந்தின நாள்தான் அவரிடம் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள்.

"நேத்து ராத்திரி எத்தனை தரம் எந்திரிச்சே?"

"நானா? எங்க எந்திரிச்சேன். படுத்தது தெரியும், அலாரம் அடிச்சது தெரியும்."

"மூணு தரம். ரெண்டு தரம் பாத்ரூம் போனே. ஒரு தரம் எந்திரிச்சு உக்காந்துட்டுத் திரும்பப் படுத்தே. இடையில புரண்டு புரண்டு போர்வை பூரா உன் பக்கம். இது நேத்து மட்டும் இல்ல."

"நினைவே இல்லையேங்க."

"அதான் சொல்றேன். நீ படுத்திருக்கே, தூங்கல. இல்ல, தூங்குறே, ஆனா மேலாக்கத் தூங்குறே. அசதி உன்னைப் பிடிச்சுத் தள்ளுறதால படுத்ததும் கண்ணு மூடிக்குது. அதுக்கப்புறம் அடி ஆழத்துக்குப் போக இது விடுறதில்ல." டப்பாவை விரலால் தட்டினார். "கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் எப்ப சாப்பிட்டீங்க, எவ்வளவு சாப்பிட்டீங்க, வேற என்ன சாப்பிடுறீங்கன்னு கேக்குறேன். வீட்டுல கேக்காம விட்டுட்டேன். எத்தனை மணிக்குக் குடிக்கிறே?"

"ஆறு மணிக்கு."

"எத்தனை கரண்டி?"

அவள் மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். அவர் காத்திருந்தார்.

"ரெண்டு" என்றாள் கடைசியில்.

அவர் டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். ஒரு கரண்டியில் இருநூறு மில்லிகிராம் காஃபின். இரண்டுக்கு நானூறு. ஒரு ஆள் நாள் முழுசுக்கும் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்கிற அளவை அவள் ஒரே மடக்கில், அதுவும் சாயங்காலத்தில் குடித்துக்கொண்டிருந்தாள். டிப்போ டீ நாலும் தனி.

"இது உடம்புல பாதியாக் குறையவே ஏறக்குறைய அஞ்சு மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் கூடக் குறைய இருக்கும். நீ ஒம்பதரைக்குப் படுக்குறப்ப பாதிக்கு மேல உள்ளதான் இருக்கு. மூணரைக்கு அலாரம் அடிக்கிறப்பவும் ஒரு கப் காபி அளவுக்கு மிச்சம் இருக்கும். நீ ராத்திரி பூரா காபி குடிச்சுக்கிட்டே தூங்குறே."

"ஆனா எனக்கு ஒண்ணும் பண்ணலையேங்க. ஒரு படபடப்பு இல்ல, ஒண்ணும் இல்ல. முதல்லயாவது நல்லா சுறுசுறுப்பா இருக்கும். இப்ப அதுவும் கிடையாது, அந்த எறும்பு ஊர்றது மட்டும்தான்."

"அந்த எறும்பு காஃபின் இல்ல, இதுல கலந்திருக்கிற வேற சரக்கு. நீ பாத்துக்கிட்டிருந்தது தப்பான அடையாளத்தை. சுறுசுறுப்புக்கு உடம்பு பழகிடுச்சு, தினம் குடிச்சா பழகத்தான் செய்யும். அதுக்காக தூக்கத்தைக் கெடுக்கிறதை அது விட்டுடாது."

அவர் நியாயமாகத்தான் பேசினார். இருந்தாலும் அவளுக்கு எரிச்சல் வந்தது. சோர்ந்துபோன மனுஷிக்கு நியாயத்தைக் கேட்கிற தெம்பு எங்கிருந்து வரும். டப்பாவைப் பிடுங்கி அலமாரிக்கு மேலே எறியாத குறையாக வைத்துவிட்டு, அன்றிலிருந்து பொடியும் கிடையாது, டீயும் கிடையாது என்று ஒரே வெட்டாக வெட்டினாள்.

மறுநாள் மத்தியானமே தலைவலி ஆரம்பித்தது. அதற்கடுத்த நாள் கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி இறக்குகிற மாதிரி இருந்தது. டைம் கீப்பர் "வண்டி எடு" என்று சொன்னது வசவு மாதிரி கேட்டது. கண்டக்டர் மோட்டார் சைக்கிள் கதையை ஆரம்பித்ததும், ஒரு நிமிஷம் சும்மா இருங்கண்ணே என்று கத்திவிட்டாள். அவர் சும்மா இருந்தார், ஆனால் நகரவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"யாரு உன்னை அடியோட நிறுத்தச் சொன்னது?" என்றார் வீட்டுக்காரர் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டபடி. "இத்தனை நாள் அந்த அளவுக்குக் குடிச்சிட்டு ஒரே நாள்ல விட்டா உடம்பு சும்மா இருக்குமா. காலையில ரெண்டு டீ குடி. மத்தியானத்துக்கு மேல எதுவும் வேண்டாம். அது போதும்."

அப்படியே செய்தாள். தலைவலி சில நாளில் தணிந்தது. ஆனால் சாயங்காலம் ஜிம் படியிறங்குவது கிணற்றில் இறங்குவது மாதிரி ஆகிவிட்டது. தொண்ணூறு கிலோ நூறாகக் கனத்தது. கம்பியைப் பிடித்துக் குனிந்தவள் குனிந்தபடியே கண்ணை மூடிக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. விஷயத்தைக் கேட்டதும் மாஸ்டர் முகம் வாடிப்போயிருந்தது, கொடுத்தவர் அவர்தானே.

"ஒண்ணுன்னு சொன்னேன், எத்தனை மணிக்குப் படுப்பீங்கன்னு கேக்காம விட்டுட்டேன், தப்புதான்" என்றார். "சரி, ஒண்ணு பண்ணலாம்க்கா. போட்டிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு. அதுவரைக்கும் தொடவே வேண்டாம். போட்டி அன்னிக்கு மட்டும் ஒரு கரண்டி. உங்க முறை காலையில பத்து மணிக்கு. ஒரு மணி நேரம் முன்னாடி குடிச்சா மேடை ஏறுறப்ப உச்சத்துல இருக்கும். ராத்திரி படுக்குறதுக்குள்ள பெரும்பாலும் இறங்கிடும். பெருசா ஒண்ணும் தூக்கி விட்டுடாது, கொஞ்சம்தான். ஆனா உங்களுக்குக் குறையிறதும் அந்தக் கொஞ்சம்தானே."

வீட்டுக்காரரும் யோசித்துப் பார்த்து, காலையிலென்றால் சரி என்றார். அதனால் அந்த ஆறு வாரமும் அவள் ஒரு கரண்டிக்காகக் காத்திருந்தாள்.

தூக்கம் மெள்ள மெள்ளத் திரும்பி வந்தது. அது வந்தது அவளுக்குத் தெரிந்ததே கனவுகளினால்தான். கனவு கண்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். அலாரத்துக்கு முன்பே விழிப்பு வந்த நாள் ஒன்றில், கிடங்குச் சாலையின் ஒவ்வொரு விளக்குக் கம்பமும் தனித்தனியாகக் கண்ணில் பட்டது. கைகால் அசதி போகவில்லை, அது வேலையோடு கூடப் பிறந்தது. மண்டைக்குள் இருந்த பஞ்சு மட்டும் விலகியிருந்தது. போட்டிக்கு முந்தின வாரம் நூற்றுப் பத்தைப் பொடி இல்லாமலே நிமிர்த்திவிட்டாள். மாஸ்டர் கைதட்டினார்.

கண்டக்டர் மட்டும் இன்னமும் நின்றுகொண்டுதான் வந்தார். ஒரு தரம் சரளைக்கல் சத்தம் கேட்ட காதுக்கு, எல்லாம் சரியாகிவிட்டது என்று யார் எப்படிச் சொல்வது. அவளும் உட்காரச் சொல்வதை நிறுத்திவிட்டாள். பொடிக் கதையை மட்டும், போட்டி அன்றைக்கு ஒரு கரண்டி உண்டு என்பது வரைக்கும், அவரிடம் சொல்லியிருந்தாள்.

போட்டி நடந்தது பள்ளிக்கூட விளையாட்டு அரங்கம் ஒன்றில். விடுப்பு ஒருநாள்தான் கிடைத்தது. மறுநாள் முதல் பேருந்து அவளுடையதுதான். காலையில் வீட்டிலேயே ஒரு கரண்டி அளந்து, பாட்டிலில் தண்ணீரோடு கலந்து பையில் வைத்துக்கொண்டாள். அங்கே போனால் எடை பார்க்கும் இயந்திரம் படுத்துவிட்டிருந்தது. வேறு இயந்திரம் வரும் வரை ஒன்றும் நடக்கவில்லை. வந்த பிறகு, வெளியூரிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டுமென்று ஆண்கள் பிரிவை முதலில் ஆரம்பித்தார்கள். பத்து என்றது பன்னிரண்டாயிற்று, பன்னிரண்டு மூன்றாயிற்று. பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் கடைசிக்கும் கடைசி. எந்த வரிசையிலும் அவர்களுடைய இடம் அதுதான். அவள் பாட்டிலைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மாலை ஆறு மணிக்கு மாஸ்டர் வேகமாக வந்தார்.

"ஏழு மணிக்கு நம்ம முறைக்கா. இப்பவே குடிச்சிடுங்க."

அவள் பாட்டிலைப் பார்த்தாள். ஆறு மணி. அதே ஆறு மணி.

டிப்போவுக்குப் போன் செய்து நாளைக் காலைக்கு மாற்று ஆள் கிடைக்குமா என்று கேட்டாள். இருக்கிற ஒரு மாற்று டிரைவரும் வேறு வண்டிக்குப் போய்விட்டான் என்று டைம் கீப்பர் சொன்னார். வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள்.

"ஒரு கரண்டிதானேங்க. பழைய மாதிரி ரெண்டு இல்ல."

அந்தப் பக்கம் பேனா காகிதத்தில் கீறும் சத்தம் கேட்டது. கணக்குப் போடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"பதினொரு மணிக்குத்தான் பாதியாகும்" என்றார். "ஆறு வாரமா விட்டிருக்கே, அதனால இப்ப நல்லாவே வேலை செய்யும். தூக்கத்துலயும் நல்லாவே வேலை செய்யும். குடிக்காதேன்னு நான் சொல்ல மாட்டேன். நீ எத்தனை நாள் காத்துக்கிட்டிருந்தேன்னு எனக்குத் தெரியும்."

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். நல்ல மனுஷர்களோடு குடித்தனம் நடத்துவதில் இது ஒரு தொல்லை.

மூடியைத் திருகித் திறந்தாள். ஆரஞ்சு வாசனை வந்தது. நாக்கில் எச்சில் ஊறியது. அவ்வளவு ஆசையாக இருந்தது. கம்பி கையில் எழுந்து வருவது, முழங்காலைத் தாண்டுவது, தோள் பின்னால் போவது எல்லாம் உடம்புக்குள்ளேயே தெரிந்தது. கூடவே, வளைவில் முட்டி மடங்கும்போது பல்லைக் கடிக்கிற சத்தமும் கேட்டது. மூடியைத் திரும்பத் திருகினாள்.

"வேண்டாம் மாஸ்டர்."

"என்னக்கா இது. ஆறு வாரம் விட்டது இதுக்காகத்தானே. இன்னிக்கு ஒரு நாள். நாளைக்குக் காலையில ரெண்டு டீ கூடக் குடிச்சா சமாளிச்சிடலாம்."

"சமாளிச்சுத்தான் சுவர்கிட்ட போனேன்" என்றாள். "அந்தப் பெரியவரு முட்டியை வெச்சுக்கிட்டு எத்தனை நாளைக்குத்தான் நிப்பாரு."

மாஸ்டருக்கு அந்தப் பெரியவர் யாரென்றே தெரியாது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசாமல் பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

ஆளுக்கு மூன்று வாய்ப்பு. முதல் முறை நூறு, வந்தது. இரண்டாவது நூற்றுப் பத்து, இழுத்துப் பறித்து வந்தது. மூன்றாவதுக்கு நூற்றுப் பதினைந்தைப் போட்டார்கள். குனிந்தாள், பிடித்தாள், மூச்சை அடக்கி இழுத்தாள். தட்டுகள் தரையை விட்டு எழுந்தன. முழங்கால் வரைக்கும் வந்தது கம்பி. அங்கே நின்றது. இன்னும் கொஞ்சம், மாஸ்டர் சொன்ன அந்தக் கொஞ்சம் இருந்தால் போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கொஞ்சம் மாஸ்டர் கையில் பாட்டிலில் இருந்தது. தொடை நடுங்கியது. கம்பி அவளைக் கேட்காமலே கீழே இறங்கியது. பொடி குடித்திருந்தால் வந்திருக்குமா, யாருக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி இனி அவளோடுதான் இருக்கப்போகிறது.

நாலாவது இடம். மேடைக்குப் பின்னால் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். வீட்டுக்கு வந்து ரொட்டியும் பாலும் சாப்பிட்டுப் படுத்தாள். தலைமாட்டு விளக்கை வீட்டுக்காரர் அணைத்தது தெரியும். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது, புரண்டதும் இல்லை, எழுந்ததும் இல்லை. அவர் சொல்லித்தான் தெரியும்.

மறுநாள் விடியாத நேரத்தில் டிப்போவில் வண்டிக்குப் பக்கத்தில் கண்டக்டர் டிக்கெட் பையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா டம்பெல், கப்பு எங்க?"

"கிடைக்கலண்ணே. முழங்கால்லயே நின்னுருச்சு."

"அடடா. அந்தப் பொடி என்னாச்சு, நேத்து குடிக்கப் போறேன்னியே?"

"சாயங்காலம் ஆயிருச்சு. குடிக்கல."

அவர் பையின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டு ஏறினார். வண்டி கிளம்பியது. நிறுத்தம் நிறுத்தமாக ஆட்கள் ஏறினார்கள், உட்கார்ந்தார்கள், கண்ணை மூடினார்கள். டிக்கெட் கொடுத்துக்கொண்டே அவர் முன்னால் வந்து, வழக்கம்போலக் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றார். மோட்டார் சைக்கிள் பேச்சை எடுக்கவில்லை. கண்ணாடியில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிடங்குச் சாலைக்குள் வண்டி திரும்பியது.

"நல்லா தூங்கினியாம்மா?"

"தூங்கினேண்ணே."

நீண்ட சுவர் ஒரு பக்கமாக வந்துகொண்டே இருந்தது. அவள் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கம்பியை விட்டுக் கை நகரும் சத்தம் கேட்டது. பிறகு, ஒவ்வொரு இருக்கையாகப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போகிற கால் சத்தம். கண்ணாடியில் பார்த்தாள். கடைசி இருக்கையில் அவர் மெதுவாக உட்கார்ந்தார், காலை நீட்டினார், முட்டியை இரண்டு தரம் தேய்த்துக்கொண்டார்.

மருத்துவமனை நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் பின்னாலிருந்து விசில் வந்தது. அவர் கண்கள் மூடியிருந்தன. அவள் பிரேக்கில் காலை வைத்து வண்டியை நிறுத்தத்தில் சரியாக நிறுத்தினாள்.